அறுபது தாண்டின பெண்களுக்கான தோல், முடி பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தனை வருஷமா ஒரே சோப்பு, ஒரே ஷாம்பூ. இப்ப மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்குது?

சோப்பு மாறல, உங்க தோல்தான் மாறியிருக்கு. மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் இறங்கிடும், அதோட தோல்ல ஊறுற எண்ணெய்ப்பசையும் குறைஞ்சிடும். தோலுக்கு அடியில தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் முதல் 5 வருஷத்துலயே சுமார் 30 சதவீதம் போயிடும், அதுக்கப்புறம் வருஷத்துக்கு 2 சதவீதம் மாதிரி மெதுவா இறங்கிட்டே இருக்கும். முன்னெல்லாம் சோப்பு போட்டு எண்ணெயைக் கழுவினாலும் சில மணி நேரத்துல உடம்பே திரும்ப ஊற வச்சிடும், இப்ப கழுவினா போனது போனதுதான், அடுத்த குளியல் வரைக்கும் தோல் அப்படியே வறண்டு கிடக்கும்.

நான் பார்லர் வேலையில இருக்கேன், வர்றவங்கள்ல பாதிப்பேர் இந்த வயசுக்காரங்கதான். எல்லாரும் "என்ன புதுசா வாங்கணும்"னுதான் கேக்கறாங்க. எதை நிறுத்தணும்னு யாரும் கேக்கறதில்ல, ஆனா பலன் கிடைக்கிறது முக்கால்வாசி அதுலதான்.

ராத்திரி படுத்தா முழங்காலுக்குக் கீழ ஒரே அரிப்பு. பார்த்தா ஒண்ணுமே தெரியல. அலர்ஜியா?

பெரும்பாலும் வறட்சிதான். கால் முன்பக்க எலும்பு மேல எண்ணெய்ச் சுரப்பி ரொம்பக் கம்மி, அதனால முதல்ல காயறது அந்த இடம்தான். பகல்ல வெளிச்சத்துல, காலைச் சாய்ச்சு வச்சுப் பாருங்க. மெல்லிசா வெள்ளைச் செதில், அதுக்கு நடுவுல வலை மாதிரி கோடு கோடா தெரிஞ்சா வறட்சி முத்திப் போச்சுன்னு அர்த்தம். அந்தக் கோடுகள் சிவந்து எரிய ஆரம்பிச்சா அது எக்ஸிமாவாயிடுச்சு, அப்ப வெறும் க்ரீம் பத்தாது, டாக்டர் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் கொடுப்பாங்க.

என்கிட்ட வர்ற ஒரு அம்மாவோட கதையைச் சொல்றேன், கீழயும் ரெண்டு மூணு இடத்துல அவங்க வருவாங்க. 64 வயசு. தினம் ரெண்டு வேளை நல்லா சுடச்சுடத் தண்ணியில குளியல், உடம்பு முழுக்க சோப்பு, நார் வச்சுத் தேய்க்கலன்னா குளிச்ச மாதிரியே இல்லம்பாங்க. ராத்திரி காலைச் சொறிஞ்சு சொறிஞ்சு அங்கங்க கீறல். அரிப்புக்குன்னு டெட்டால் மாதிரி கிருமிநாசினி வேற தண்ணியில ஊத்திக் குளிச்சிருக்காங்க, அது இன்னும் வறட்டும். நாங்க மாத்தினது இவ்வளவுதான்: குளியல் ஒரு வேளை, வெதுவெதுப்பான தண்ணி, 10 நிமிஷத்துக்குள்ள வெளிய வந்துடணும், நாருக்கு லீவு, கிருமிநாசினிக்கு நிரந்தர லீவு, வெளிய வந்த கையோட கால்ல க்ரீம். ரெண்டு வாரத்துல ராத்திரி தூக்கம் வந்துடுச்சு. கோடுகள் மறைய இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு.

ஒரு விஷயம் மட்டும் கவனிச்சுக்கோங்க. தோல் நல்லாத்தான் இருக்கு, க்ரீமும் ஒழுங்கா போடறேன், ஆனாலும் உடம்பு முழுக்க அரிக்குது, ஆறு வாரமா விடலன்னா ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. கிட்னி, லிவர், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு எல்லாம் அரிப்பாத்தான் வெளிய தெரியும், சில மாத்திரைகளும் இப்படிப் பண்ணும்.

சோப்பு போடாம குளிச்சா நாத்தம் அடிக்காதா?

முழுசா விட வேண்டாம். அக்குள், தொடையிடுக்கின் வெளிப்பக்கம், பாதம், இந்த மூணு இடத்துக்கு மட்டும் போடுங்க. கை, கால், முதுகு, வயிறு எல்லாம் தண்ணி பட்டாலே சுத்தமாயிடும், அங்கல்லாம் கழுவ வேண்டிய அழுக்கு அவ்வளவா இல்ல. பிறப்புறுப்பு மடிப்புகளுக்குத் தண்ணி மட்டும்தான், வாசனை வாஷ் எதுவும் வேண்டாம், மாதவிடாய் நின்ன பிறகு அந்தத் தோலும் மெலிஞ்சுதான் இருக்கும்.

எந்த சோப்புன்னா, சாதா கட்டி சோப்போட பிஎச் 9, 10 வரைக்கும் போகும், தோலோடது 5 பக்கம். இந்த வித்தியாசம்தான் குளிச்சதும் தோல் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறதுக்குக் காரணம். 'சோப் ஃப்ரீ'ன்னோ 'சிண்டெட் பார்'னோ அட்டையில போட்டிருக்கிறதை வாங்குங்க, வாசனை இல்லாததா. நுரை கம்மியா வரும், முதல் வாரம் திருப்தியே இருக்காது, பழகிடும்.

க்ரீமா, லோஷனா, எண்ணெயா? எதைத் தடவினா நிக்கும்?

எதைத் தடவறீங்கன்றதை விட எப்பத் தடவறீங்கன்றதுதான் விஷயம். துண்டால அழுத்தித் தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, தோல் இன்னும் ஈரமா இருக்கும்போதே, மூணு நிமிஷத்துக்குள்ள க்ரீம் போட்டுடணும். க்ரீமோட வேலை அந்தத் தண்ணியை உள்ளயே பூட்டி வைக்கிறது. அரை மணி நேரம் கழிச்சு, காஞ்சு போன கால்ல போட்டா பூட்டறதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காது. க்ரீம் டப்பாவை பெட்ரூம்ல வைக்காம பாத்ரூம் வாசல்லயே வச்சுடுங்க, இல்லன்னா போன் அடிக்கும், காலிங் பெல் அடிக்கும், மறந்துடுவீங்க.

லேபிள்ல தேட வேண்டிய பேர் நாலுதான். கிளிசரின் தண்ணியைப் பிடிச்சு வைக்கும். யூரியா 5லேருந்து 10 சதவீதம் வரைக்கும் இருந்தா செதிலை இளக்கி ஈரத்தையும் பிடிக்கும், ஆனா சொறிஞ்ச புண் மேல பட்டா எரியும், புண் ஆறின பிறகு ஆரம்பிங்க. செராமைடு, தோல்ல குறைஞ்சு போன கொழுப்பை ஈடு கட்டும். பெட்ரோலியம் ஜெல்லி மேல மூடி மாதிரி நிக்கும், பிசுபிசுன்னு இருந்தாலும் தண்ணி ஆவியாகாம தடுக்கறதுல அதை அடிச்சுக்க ஆள் இல்ல. லோஷன்ல தண்ணிதான் அதிகம், சீக்கிரம் காஞ்சிடும், அதனால இந்த வயசுல காலுக்குக் கெட்டி க்ரீம்தான் சரி. வாசனை போட்டது எதுவும் வேண்டாம்.

அளவுல எல்லாருமே கஞ்சத்தனம் பண்றாங்க. ட்யூப்லேருந்து ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினா அரை கிராம் இருக்கும், அது விரலோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு தோலுக்குத்தான் காணும். அப்ப ஒரு கால், பாதம் வரைக்கும்னா எட்டு தடவை அப்படிப் பிதுக்கணும். கேட்டதும் "அவ்வளவா!"ன்னு எல்லாரும் முழிப்பாங்க. முடி வளர்ற திசையில, மேலேருந்து கீழ தடவுங்க, எதிர்த் திசையில தேய்ச்சா முடிக்கால் அடைச்சுச் சின்னச் சின்னப் பரு வரும்.

எண்ணெய் மட்டும் தேய்க்கலாமான்னா, ஈரத்தோல் மேல மூடியா கொஞ்சம் உதவும், தன்னால ஈரம் கொடுக்காது. ஆலிவ் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது தோலோட தடுப்பையே இளக்கி விடும்னு ஆய்வுல பார்த்திருக்காங்க. எதைத் தடவினாலும் உள்ளங்காலுக்குக் கடைசியா, உக்காந்துகிட்டு, உடனே சாக்ஸோ செருப்போ போட்டுக்கோங்க. இந்த வயசுல பாத்ரூம்ல வழுக்கி இடுப்பெலும்பு முறியறது தோல் வறட்சியை விடப் பெரிய பிரச்சனை. அதே மாதிரி பெட்ரோலியம் ஜெல்லியோ எண்ணெயோ ஊறின நைட்டி, போர்வை தீப்பட்டா சட்டுனு பத்திக்கும், துவைச்சாலும் முழுசா போகாது, அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் பக்கத்துல அந்தத் துணியோட நிக்காதீங்க.

முகத்துக்குப் பத்து பாட்டில் சொல்றாங்களே, எல்லாம் தேவையா?

மூணு போதும். காலைல முகத்தை வெறும் தண்ணியில கழுவிட்டு மாய்ஸ்சரைசர், அது மேல சன்ஸ்க்ரீன். ராத்திரி நுரை வராத க்ளென்சரால ஒரு தடவை கழுவிட்டு அதே மாய்ஸ்சரைசர். டோனர், ஸ்க்ரப், பீல் ஆஃப் மாஸ்க் மூணையும் யாருக்காவது கொடுத்துடுங்க. ஸ்க்ரப் பண்ணினா பளபளன்னு இருக்கேன்னு சொல்வாங்க, அது மேல்தோலை உரிச்ச பளபளப்பு.

சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30 போதும், அது யுவிபி கதிர்ல 97 சதவீதம் கிட்டத் தடுக்கும், 50 போட்டா 98, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா லேபிள்ல போட்ட அந்த நம்பர் கிடைக்கணும்னா முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ரெண்டு விரல் நீளத்துக்குக் கோடு இழுத்த அளவு போடணும். பட்டாணி அளவு போட்டுட்டு ஒண்ணும் பலனில்லன்னு சொல்லாதீங்க. மங்கு, கரும்புள்ளி இருக்கிறவங்க டின்ட்டட் சன்ஸ்க்ரீன் வாங்கினா நல்லது, அதுல இருக்கிற அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்கைக் கறுக்க வைக்கிறதுல அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. புறங்கையை விட்டுடாதீங்க, வயசு முதல்ல தெரியிறது அங்கதான்.

ரெட்டினால் போட்டேன், முகமெல்லாம் உரிஞ்சு சிவந்து போச்சு. விட்டுடவா?

கொஞ்ச நாள் நிறுத்திட்டு மறுபடி மெதுவா ஆரம்பிங்க. சுருக்கத்துக்கு நிஜமா வேலை செய்ற சில பொருள்கள்ல இது ஒண்ணு, ஆனா வறண்ட தோல்ல வேகமா போனா இப்படித்தான் உரியும். உரிச்சல் அடங்கினதும், வாரம் ரெண்டு ராத்திரி மட்டும், முகம் நல்லா காஞ்ச பிறகு முதல்ல மாய்ஸ்சரைசர், அது மேல முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு ரெட்டினால், அது மேல திரும்ப மாய்ஸ்சரைசர். கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம் மூணையும் விட்டுடுங்க. ஒரு மாசம் எரிச்சல் இல்லன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள். பலன் தெரிய 3லேருந்து 6 மாசம் ஆகும். ஒத்துக்கவே இல்லன்னா விட்டுடுங்க, சன்ஸ்க்ரீன் ஒழுங்கா போடறவங்களுக்கு இது இல்லாமயும் ஓடும்.

அடியே படல, முன்கையில ஊதா கலர்ல திட்டுத்திட்டா வருதே?

வெயில்லயும் வயசுலயும் தோல் மெலிஞ்சு போனா, ரத்தக்குழாயைத் தாங்கற மெத்தை போயிடும், லேசா இடிச்சாலே உள்ள ரத்தம் கசியும். ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா மறையும், சில இடத்துல பழுப்பா கறை நிக்கும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கிறவங்களுக்கு அதிகமா வரும், அதுக்காக மாத்திரையைத் தானா நிறுத்திடாதீங்க. கைல வாக்ஸிங் பண்றதை மட்டும் நிறுத்திடுங்க, இந்தத் தோல்ல முடியோட சேர்ந்து தோலும் வந்துடும். கை தவிர வயித்துல, முதுகுலயும் வந்தாலோ ஈறுல ரத்தம் கசிஞ்சாலோ டாக்டர்கிட்ட போங்க.

நடு வகிடு அகலமாயிட்டே போகுது, லைட் அடிச்சா தலையே தெரியுது. எந்த ஷாம்பூ போட்டா சரியாகும்?

எந்த ஷாம்பூவும் சரி பண்ணாது, அது நுரை, ரெண்டு நிமிஷத்துல கழுவிட்டுப் போயிடும். முதல்ல என்ன மாதிரி கொட்டுதுன்னு பார்க்கணும். நான் சீப்பைத் தூக்கறதுக்கு முன்னாடி பார்க்கிறது மூணு இடம்.

முதல்ல வகிடு. முன்நெத்தி முடி வரம்பு அப்படியே இருக்கு, ஆனா வகிடு முன்னாடி அகலமா, பின்னாடி போகப் போகக் குறுகலா, கிட்டத்தட்ட கிறிஸ்மஸ் மரம் மாதிரி இருந்தா அது பெண்களுக்கு வர்ற பரம்பரை மாதிரி மெலிவு. முடி அவ்வளவா கொட்டவே கொட்டாது, ஒவ்வொரு முடியும் மெலிஞ்சு குட்டையாகிட்டே வரும். சடை பின்னற ரப்பர் பேண்டு முன்ன மூணு சுத்து வந்தது இப்ப நாலு, அஞ்சு சுத்து வருதுன்னா அதுதான் அடையாளம். இது வயசோட நிதானமா நடக்கிறது.

ரெண்டாவது, கைக்கு வர்ற முடி. தலை முழுக்க சமமா, கொத்துக் கொத்தா கொட்டுது, வேர்ல வெள்ளையா சின்னக் குமிழ் இருக்குன்னா ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு யோசிங்க. கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், சட்டுனு எடை குறைஞ்சது, வீட்டுல ஒரு சாவு, புது மாத்திரை, இதுல ஏதாவது இருக்கும். காரணம் போனா ஆறு மாசத்துல பெரும்பாலும் தானா நின்னுடும். போகலன்னா தைராய்டு, உடம்புல சேமிப்புல இருக்கிற இரும்புச்சத்தைக் காட்டற ஃபெரிட்டின் ரெண்டும் பார்க்கணும்.

மூணாவது புருவம். இதை யாரும் சொல்றதில்ல, அதான் அழுத்திச் சொல்றேன். நெத்தி முடி வரம்பு பின்னாடி போயிட்டே இருக்கு, கூடவே புருவமும் உதிர்ந்துட்டு வருதுன்னா அது சாதா மெலிவு இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு நெத்தி ஓரத்தைப் பாருங்க, முடி இருந்த இடம் ஒரு பட்டை மாதிரி மத்த நெத்தியை விட வெளுப்பா, வழவழன்னு, முடிக்கால் துளையே இல்லாம இருக்கும், நடுவுல ஒண்ணு ரெண்டு முடி மட்டும் தனியா நிக்கும். அரிப்போ எரிச்சலோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஃப்ரான்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியான்னு பேரு, மாதவிடாய் நின்னவங்களுக்குத்தான் அதிகமா வரும், முடிக்கால் தழும்பாயிடும், போன முடி திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் முடியும், அதனால இதைப் பார்த்தா அடுத்த மாசம்னு தள்ளாம தோல் டாக்டர்கிட்ட போங்க. "வயசாச்சு, புருவம் உதிரத்தான் செய்யும்"னு பென்சில் வரைஞ்சுகிட்டே பல வருஷம் ஓட்டினவங்களை நான் பார்த்திருக்கேன்.

மினாக்ஸிடில் இந்த வயசுல போடலாமா? போட ஆரம்பிச்சதும் இன்னும் கொட்டுதுன்னு சொல்றாங்களே?

மேல முதல்ல சொன்ன மெலிவுக்கு இதுதான் முதல் மருந்து. 2 சதவீத சொல்யூஷன்னா ரெண்டு வேளை, ஒவ்வொரு தடவையும் 1 மில்லி. 5 சதவீத ஃபோம்னா ஒரே வேளை, அரை மூடி. இதய நோய், குறைஞ்ச பிரஷர் இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது.

அந்த 64 வயசு அம்மாவுக்கு டாக்டர் ஃபோம் எழுதினாங்க. போடறதுல என்ன தப்பு பண்ணினாங்கன்னு பார்த்தா, முடி மேல தடவிட்டு இருந்திருக்காங்க. இது தலைத்தோலுக்கு, முடிக்கு இல்ல. வகிடு எடுத்து, அந்தக் கோட்டுல விரலால ஒத்தி, அரை இஞ்ச் தள்ளி அடுத்த வகிடு, அப்படியே உச்சி முழுக்க நாலஞ்சு கோடு போடணும். விரல்ல பட்டா உருகிடும், அதனால கையைப் பச்சைத்தண்ணியில கழுவித் துடைச்சுட்டு எடுங்க. படுக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டுக் காய விடணும், இல்லன்னா தலகாணி வழியா முகத்துல ஒட்டி கன்னத்துல, நெத்தியில பூனைமுடி வளரும். முடிச்சதும் கையைக் கழுவுங்க. வீட்டுல நிஜப் பூனை இருந்தா இன்னும் ஜாக்கிரதை, நக்கினா அதுக்கு இது விஷம்.

அஞ்சாவது வாரம் போன் பண்ணி "எல்லாம் போகுது, நான் நிறுத்தறேன்"னாங்க. ரெண்டாவது வாரத்துலேருந்து எட்டாவது வாரம் வரைக்கும் அப்படித்தான் இருக்கும், ஓய்வுல இருக்கிற பழைய முடியைத் தள்ளிட்டுப் புதுசு கிளம்புது. அந்த நேரத்துல நிறுத்தினா நஷ்டம் மட்டும்தான் மிச்சம். நாலு மாசத்துக்கு முன்னாடி எதுவும் தெரியாது, முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அதே ஜன்னல் பக்கம், அதே நேரம், காஞ்ச தலை, நடு வகிடு, போனை மேலேருந்து நேரா பிடிச்சு. தினம் கண்ணாடியில பார்த்தா ஒண்ணும் புரியாது. ஆறாவது மாசப் போட்டோவுல அவங்களுக்கு வகிடு கொஞ்சம் ஒடுங்கியிருந்தது, ஓரத்துல குட்டி முடி நின்னது. சடை பழைய கனத்துக்கு வரல, வரவும் வராது, அதை டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாங்க. நிறுத்தினா சில மாசத்துல வந்த முடியும் போயிடும், அதனால விடாம போட முடியும்னு தோணினா மட்டும் ஆரம்பிங்க.

தலைக்கு வாரம் எத்தனை நாள் குளிக்கலாம்? குளிச்சா கொட்டுதுன்னு பயமா இருக்கு.

ஒண்ணு ரெண்டு நாள், வேர்வை அதிகம்னா மூணு. குளிக்காம தள்ளிப் போட்டா கொட்டாதுன்னு இல்ல, உதிர வேண்டிய முடி அங்கயே சிக்கி நிக்கும், குளிக்கும்போது நாலு நாள் கணக்கு ஒரே நாள்ல கைக்கு வரும். தினம் 50லேருந்து 100 முடி உதிரறது இயல்புதான். ஷாம்பூவைத் தண்ணியில கலந்து தலைத்தோலுக்கு மட்டும் போடுங்க, விரல் நுனியால, நகம் படாம. நுனிக்கு வழிஞ்சு வர்ற நுரையே போதும். கண்டிஷனர் நேர்மாறா, காதுக்குக் கீழ மட்டும், உச்சியில பட்டா மெலிஞ்ச முடி தலையோட ஒட்டிப் படுத்துடும்.

எண்ணெய் வைக்கலாம், முடியை வளர்க்கும்னு மட்டும் நினைக்காதீங்க. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள்ள போயி, கழுவும்போது புரதம் போறதைக் குறைக்கும், அதனால குளிக்கிறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி நுனிக்கு வச்சா உடையறது குறையும். மஞ்சளா எண்ணெய்ச் செதில் இருக்கிற பொடுகுக்கு எண்ணெய் வச்சா அதிகமாகும், அதுக்குக் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூ, வாரம் ரெண்டு தடவை, அஞ்சு நிமிஷம் ஊற விட்டு, நாலு வாரம்.

மெலிஞ்ச முடியை எப்படி சீவினா தலை தெரியாது?

இறுக்கிக் கொண்டை போடறதை விடுங்க, இழுத்து இழுத்து நெத்தியோரம் இன்னும் போகும். ராத்திரி முடிச்சை அவிழ்த்துட்டு லூசா ஒரு பின்னல். ஈரத்தலையை வாரக் கூடாது, ஈர முடி இழுபட்டா சுலபமா அறுந்துடும், அகலப்பல் சீப்பால நுனியிலேருந்து ஆரம்பிச்சு மேல வாங்க. பல வருஷமா ஒரே இடத்துல வகிடு எடுத்திருப்பீங்க, அதை அரை இஞ்ச் தள்ளியோ கோணல்மாணலாவோ எடுத்தாலே பாதி மறைஞ்சிடும், வேர்க்காலும் கொஞ்சம் தூக்கி நிக்கும். தோள் வரைக்கும் வெட்டிக்க மனசு வந்தா கனம் குறைஞ்சு முடி எழும்பி நிக்கும், ஆனா இதுல நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன், நீள முடி சிலருக்கு உயிர். தலைத்தோல் கலருக்கு ஹேர் ஃபைபர் பவுடர் தூவினா ஒரு விசேஷத்துக்குத் தாங்கும், வேர்வையில ஒழுகாதான்னு முதல்ல வீட்டுல பார்த்துடுங்க.

டை அடிக்கறதால கொட்டுதா? விட்டுடணுமா?

டை வேரைக் கொல்லாது, தண்டை முறிக்கும், ஒத்துக்கலன்னா தலைத்தோலைப் புண்ணாக்கும். கறுப்பு டையில இருக்கிற பிபிடிங்கிற சாயப்பொருள்தான் பெரும்பாலும் காரணம். 20 வருஷம் ஒத்துக்கிட்டது 21வது வருஷம் ஒத்துக்காம போகும், அதனால ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னாடி துளி வச்சு 48 மணி நேரம் பாருங்க. அரிப்பு, கண் இமை வீக்கம் வந்தா அந்த வகையையே மறந்துடணும். 'ஹெர்பல்', 'கறுப்பு மருதாணி'ன்னு விக்கிற பலதுலயும் பிபிடி கலந்திருக்கும், லேபிளைப் படிங்க. அடிக்கிறதா இருந்தா முழுத்தலைக்கு வேண்டாம், வளர்ந்த வேருக்கு மட்டும், கருகருன்னு இல்லாம ரெண்டு ஷேடு கம்மியா. கன்னங்கறுப்பு முடிக்கு நடுவுல வெள்ளைத் தலைத்தோல்தான் முதல்ல கண்ணுல படும், பழுப்புல அவ்வளவு தெரியாது.

பயோட்டின் மாத்திரை எல்லாரும் சாப்பிடறாங்களே?

பயோட்டின் குறைவு இருக்கிறவங்களுக்குத்தான் உதவும், அந்தக் குறைவு ரொம்ப அபூர்வம். அதை விட ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அதிக டோஸ் பயோட்டின் தைராய்டு ரிசல்ட்டையும், மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனின் ரிசல்ட்டையும் தப்பா காட்ட வைக்கும், அமெரிக்காவோட எஃப்டிஏ 2017லயே எச்சரிக்கை விட்டிருக்கு. எடுக்கிறதா இருந்தா ரத்தம் கொடுக்கும்போது சொல்லிடுங்க.

தாடையில கம்பி மாதிரி முடி வருது. பிடுங்கினா அதிகமாகுமா?

ஆகாது, ஷேவ் பண்ணினாலும் தடிக்காது, நுனி மழுங்கியிருக்கிறதால அப்படித் தோணும். ஈஸ்ட்ரோஜன் இறங்கி ஆண் ஹார்மோனோட பங்கு மேல தெரியிற வயசு, அதான் வருது. நாலஞ்சு முடின்னா ட்வீசர், நிறைய பூனைமுடின்னா முகத்துக்கான ரேசர். வாக்ஸ் வேண்டாம், அதுவும் ரெட்டினால் போடறவங்க முகத்துல வாக்ஸ் வச்சா தோலே பிட்டுக்கிட்டு வரும். வெள்ளை முடிக்கு லேசர் எடுபடாது, அது கறுப்பு நிறமியைப் பிடிச்சுதான் வேலை செய்யும், அங்க ஊசி வழியா மின்சாரம் விட்டு வேரை அழிக்கிற எலக்ட்ரோலிசிஸ்தான். சில மாசத்துலயே கடகடன்னு நிறைய வந்து, குரலும் கட்டையாச்சுன்னா ஹார்மோன் டெஸ்ட் எடுக்கணும்.

எனக்குக் கண்ணு சரியா தெரியல, குனிஞ்சா இடுப்பு வலி. இதெல்லாம் எப்படிப் பண்ணிக்கிறது?

அந்த 64 வயசு அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, அவங்க பண்றதைச் சொல்றேன். குளிச்சு வந்ததும் வழுக்காத முக்காலியில உக்காந்துதான் எல்லாம். க்ரீம் திருகு மூடி டப்பாவுல வேண்டாம், ஈரக்கைல திறக்க வராது, பம்ப் வச்ச பாட்டில். முதுகுக்கும் காலுக்கும் நீளக் கைப்பிடி வச்ச ஸ்பாஞ்ச்ல க்ரீம் போட்டுத் தடவிக்கிறாங்க, அந்த ஸ்பாஞ்சை வாரம் ஒரு தடவை சுடுதண்ணியில கழுவிக் காய வைப்பாங்க. தாடை முடிக்கு லைட் வச்ச, பெரிசாக்கிக் காட்டற கண்ணாடி. வகிட்டுக்கு மினாக்ஸிடில் வைக்க மட்டும் கண்ணாடியில இடம் வலமா மாறித் தெரியுதுன்னு ராத்திரி எட்டு மணிக்கு மருமக வச்சு விடறாங்க. கால் நகம் குளிச்ச பிறகு, நேரா, ஓரம் வளைக்காம வெட்டறது. சர்க்கரை இருக்கிறவங்க, பாதம் மரத்துப் போனவங்க அதையும் தானா வெட்டிக்காம தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க. மாசம் ஒரு தடவை க்ரீம் போடும்போதே யாரையாவது முதுகைப் பார்க்கச் சொல்லுங்க, வடிவம் கோணலாகி கலர் மாறிட்டு வர்ற மச்சம், ஒரு மாசமா ஆறாத புண், தொட்டாலே ரத்தம் வர்ற பருன்னு ஏதாவது இருந்தா போட்டோ எடுத்துகிட்டு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.